ஸ்கெட்சில் ஆளைக் காணோம்!

கல்யாண மேடை டெக்கரேஷனுக்கு ஸ்கெட்ச் வராத வீடு இப்போது அபூர்வம். மண்டபம் பேசி முடித்த மறுவாரமே டெக்கரேட்டர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிடுகிறார். த்ரீ-டியில் வரைந்த மேடை. பளபளக்கும் தரை, வானத்திலிருந்து இறங்கிய மாதிரி பூக்கள், ஊதா வெளிச்சம். படம் குடும்ப குரூப்பில் ஏறுகிறது. ‘சூப்பர்’, ‘செம’, நான்கு இதயங்கள், துபாயிலிருந்து சித்தப்பாவின் கைதட்டல். அன்று இரவே அட்வான்ஸ் போய்ச் சேருகிறது.

அந்தப் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. மொய்க் கவருடன் மேடையேறும் ஒன்றுவிட்ட பெரியப்பா குடும்பம் இல்லை. போட்டோகிராபர் இல்லை. யாருமே இல்லாத மேடையை, மண்டபத்தின் பாதித் தூரத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்காக வரைந்த படம் அது. ஆனால் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வருகிற ஆல்பத்தில் இருப்பதோ, ஆட்கள் நிறைந்த மேடையைப் பத்துப் பன்னிரண்டு அடியில் நின்று எடுத்த படங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் டெக்கரேஷன் பணத்தில் பாதி காணாமல் போகிறது.

தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஒரு ஸ்கெட்சை, பெண்ணின் அம்மா, டெக்கரேட்டர், போட்டோகிராபர் மூவரும் உட்கார்ந்து அலசினார்கள். நானும் கூட இருந்தேன். அந்த ஒரே ஸ்கெட்சை வைத்தே இந்த விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடலாம்.

மேடை 40 அடி அகலம், 16 அடி ஆழம், தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். இரண்டுக்கும் ஒரே பேக்டிராப். ஸ்கெட்சில் நடுவில் பச்சை இலைச் சுவர். அதன் மேல் 10 அடி விட்டத்தில் வெள்ளைப் பூ வளையம். வளையத்துக்குள் ஏழடி உயரத்தில் மணமக்கள் பெயர் நியான் விளக்கில். இரு பக்கமும் மும்மூன்று தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் சாமந்தியும் ஆரஞ்சு செண்டுமல்லியும் குவித்த பூக்குடம். எல்லாவற்றின் மேலும் ஊதா வெளிச்சம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போன ஸ்கெட்ச்தான்.

ஆளை வரையுங்கள்

போட்டோகிராபர் முதலில் கேட்டது பேனா. ஸ்கெட்சை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்கள். “தம்பி, இந்தத் தூண் எத்தனை அடி?” என்றார். டெக்கரேட்டர், “பன்னெண்டுண்ணே” என்றார். தூணை அளவுகோலாக வைத்து, ஐந்தரை அடியில் ஒருவர், ஐந்தே கால் அடியில் ஒருவர் என்று வளையத்துக்கு முன்னால் இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தார். அவ்வளவுதான். அதுவரை அரண்மனை மாதிரித் தெரிந்த மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தூணின் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் நின்றார்கள். வளையத்தின் அடிவிளிம்பு அவர்கள் இடுப்புக்குச் சற்று மேலே தொடங்கியது. பெயர் தலைக்கு மேலே தொங்கியது.

அடுத்து அவர் போட்டது கணக்கு. வரவேற்பில் குடும்பம் குடும்பமாக மேடையேறி எடுக்கும் படங்களுக்குப் பெரும்பாலும் 35 எம்எம் அளவில் லென்ஸ் இருக்கும். முழு ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். லென்ஸ் 35, சென்சார் அகலம் 36. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் கணக்கு சுலபம்: எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். மணமக்களிடமிருந்து 12 அடி தள்ளி நின்றால் அவர்கள் நிற்கும் வரிசையில் 12 அடி அகலம் கிடைக்கும். அவர்களுக்கு ஐந்தடி பின்னால் பேக்டிராப் இருந்தால், அது கேமராவிலிருந்து 17 அடி தூரம். அங்கே சுமார் பதினேழரை அடி அகலம் தெரியும்.

40 அடி மேடையில் ஆல்பத்தில் விழப்போவது நடுவில் உள்ள பதினேழரை அடி. ஸ்கெட்சில் ஆறு தூண்களில் நான்கு அதற்கு வெளியே நின்றன. பூவில் பெரும்பகுதி அந்தத் தூண்களின் தலையில் இருந்தது.

இதைக் கேட்டதும் பெண்ணின் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்ப அந்தத் தூண் எல்லாம் எதுக்குப்பா?” டெக்கரேட்டர் பக்கமும் நியாயம் உண்டு. பந்தி முடிந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முழு மேடையையும் பார்க்கிறார். வீடியோவில் மண்டபம் முழுவதையும் காட்டும் ஷாட் வரும். ஓரங்களை மொட்டையாக விட்டால் நடுவில் ஒரு தீவு மாதிரி இருக்கும். ஆகவே ஓரம் வேண்டும். ஆனால் ஓரத்துக்குத் துணி மடிப்பும் வெளிச்சமும் போதும். பூவை நடுப் பதினெட்டு அடிக்குள் கொண்டுவர வேண்டும். பட்ஜெட் ஏறவில்லை, பூ இடம் மாறியது, அவ்வளவே.

ஜோடியை மட்டும் தனியாக எடுக்கும்போது கணக்கு இன்னும் இறுகும். அதற்கு 85 எம்எம் லென்ஸை நிமிர்த்திப் பிடித்து எடுப்பார்கள். அதே தூரத்தில், பேக்டிராப்பில் விழுவது ஐந்தடிக்கும் குறைவான அகலம். தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் படம். அங்கே பெரிய டிசைனுக்கு வேலை இல்லை; அமைதியான ஒரு பரப்பு இருந்தால் போதும். சின்னச் சின்ன பல்பு, கண்ணாடித் துண்டு, எழுத்து என்று எதை வைத்தாலும் அது பெண்ணின் ஜிமிக்கியோடு போட்டி போடும்.

கண் எங்கே போய் நிற்கிறது?

டெக்கரேட்டர்கள் ‘ஃபோகல் பாயிண்ட்’ என்று சொல்வது, மேடையைப் பார்த்ததும் கண் முதலில் போய் நிற்கிற இடத்தை. கல்யாண மேடையில் அது மணமக்களின் முகமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆளில்லாத ஸ்கெட்சில் முகமே கிடையாது. அதனால் வரைகிறவர் கை தானாகவே வேறு ஒன்றை ராஜாவாக்கிவிடுகிறது: வளையம், பெயர், சரவிளக்கு, சில சமயம் சோபா.

அது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்கெட்சை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அப்போது எந்த இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறதோ அங்கேதான் கண் போகும். நிறம் போய்விட்டால் மயக்கமும் போய்விடும். வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். தஞ்சாவூர் ஸ்கெட்சில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நடுவில் நியான் பெயர். இரு பக்கமும் தூண் தலையில் விளக்கடித்த பூக்குடங்கள். மணமக்கள் நிற்கும் இடம் கறுப்பாக இருந்தது, ஏனென்றால் அங்கே இலைச் சுவர். அந்த இடத்தில்தான் பாட்டில் பச்சை லெஹங்காவில் பெண்ணும், கருநீலக் கோட்டில் மாப்பிள்ளையும் நிற்கப்போகிறார்கள். பச்சையில் பச்சை, இருட்டில் கருநீலம். முகமும் கையும் தவிர மற்றதெல்லாம் சுவருக்குள் கரைந்துவிடும்.

உடை எடுத்த பிறகுதான் பேக்டிராப் நிறத்தை முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மேடை முடிவாகும், அப்புறம் காஞ்சிபுரத்துக்குப் போவார்கள். அங்கே மனதுக்குப் பிடித்த புடவை ஒன்று இருக்கும். மேடை நிறம் யாருக்கு ஞாபகம்?

இனி பெயர்ப் பலகை. ஸ்கெட்சைப் பார்த்தால் ஏழடியில் இருக்கும் பெயர், ஐந்தரை அடி ஆளின் தலைக்கு ஒன்றரை அடி மேலே பத்திரமாக இருக்கிறது. படத்தில் அப்படி இருக்காது. காரணம் மேடையின் ஆழம். 16 அடி ஆழ மேடையில் பேக்டிராப்பின் சட்டம் ஓரடி எடுத்துக்கொண்டது. ஐந்தடி இடைவெளி, மணமக்கள், அவர்களிடமிருந்து 12 அடி என்று போனால் போட்டோகிராபர் மேடை விளிம்பைத் தாண்டி மண்டபத் தரையில் நிற்க வேண்டும். தரையில் நின்றால் அவர் கண்ணருகே பிடித்த லென்ஸ், மேடைத் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து அண்ணாந்து எடுக்கிறார். ஒன்றரை அடியில் கிளம்பும் பார்வைக் கோடு, 12 அடி தள்ளி ஐந்தரை அடியில் உள்ள தலையைத் தொடுகிறது. அதாவது 12 அடிக்கு 4 அடி ஏற்றம். அதே சரிவில் இன்னும் ஐந்தடி பின்னால் போனால், அந்தக் கோடு பேக்டிராப்பில் முட்டும் இடம் சுமார் ஏழு அடி இரண்டு அங்குலம்.

நியான் பெயர் இருந்தது ஏழடியில். மாப்பிள்ளையின் உச்சந்தலை சரியாக அவர் பெயருக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டு காதுக்கும் பக்கத்தில் ஒளிரும். இப்படிப்பட்ட ஆல்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் அப்படி ஆனது என்று மட்டும் தெரிந்திருக்காது.

வளையத்துக்கும் அதே கதி. அதன் மையம் எட்டடி உயரத்தில் வரையப்பட்டிருந்தது. ஆகவே உச்சி 13 அடி. தரையிலிருந்து எடுக்கும் படத்தின் மேல் விளிம்போ பேக்டிராப்பில் ஒன்பதரை அடிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். வளையத்தின் தலை வெட்டுப்பட்டு, ‘ப’ எழுத்து மாதிரி ஒரு பாதி மட்டும் படத்தில் நிற்கும். வளையம் என்று சொன்னால்தான் தெரியும்.

டெக்கரேட்டர் நல்ல வேலைக்காரர். சொன்னதும் பிடித்துக்கொண்டார். வளையத்தின் மையத்தை ஐந்தரை அடிக்கு இறக்கினார். மேல்விளிம்பு பத்தரை அடி. உச்சியில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் வட்டம் என்று கண்ணுக்குப் புரியும்; கேமராவை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினால் மணமக்கள் முகம் வட்டத்தின் நடுவிலேயே வந்துவிடும். பெயரை எட்டடிக்கும் ஒன்பதடிக்கும் நடுவே ஏற்றினார். தலைக்கோட்டுக்கு மேலே, படத்தின் மேல் விளிம்புக்குக் கீழே அதற்கு இருப்பது அந்த ஒரே சந்துதான். அந்த உயரத்தில் வளையத்துக்குள் எட்டடி அகலம் கிடைக்கிறது. இரண்டு பெயருக்கு அது தாராளம். இலைச் சுவர் போய், நடுவில் சந்தன நிறத் துணி வந்தது. இலை, வளையத்தின் ஓரத்துக்குப் போனது. பச்சை லெஹங்கா, கருநீலக் கோட்டு இரண்டும் சந்தனத்தின் முன் எடுப்பாகத் தெரியும்; காலையில் கட்டப்போகும் வெண்பட்டு வேட்டியும் அதில் கரையாது, சந்தனம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால். சுத்த வெள்ளைத் துணி போட்டிருந்தால் வேட்டிக்கும் சுவருக்கும் நடுவே கோடே தெரியாது.

காலையில் வேறு மேடை

வரவேற்பில் நிற்கிறார்கள், முகூர்த்தத்தில் உட்கார்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம் எந்த ஸ்கெட்சிலும் இடம்பெறுவதில்லை. சோபாவை நகர்த்திவிட்டு மணையைப் போட்டால் காலை மேடை தயார் என்று நினைத்துவிடுகிறோம்.

மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் தலை, மேடைத் தளத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். மணவறைக்குத் தாழ்வான பலகை போட்டால் மூன்றரை. முந்தின நாள் ஐந்தரை அடிக்குப் பார்த்துப் பார்த்து அமைத்ததெல்லாம் இப்போது தலைக்கு மேலே போய்விட்டது. நல்லவேளை, இறக்கிய வளையத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து அரை அடியில் தொடங்குவதால், உட்கார்ந்தாலும் மணமக்கள் வட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். பழைய ஸ்கெட்சில் வளையம் மூன்றடியில்தான் தொடங்கியது. உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. காலையில் பேக்டிராப்பைப் பார்க்க யார் விடுகிறார்கள்? மணமக்களுக்குப் பின்னால் நாத்தனார், தாய்மாமன், அத்தைகள், அட்சதைத் தட்டு ஏந்தியவர் என்று ஒரு கூட்டம் நிற்கும். தாலி முடியும் நேரம் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் தெரியப்போவது புடவைகளும் அவற்றுக்கு மேலே சில அடி டெக்கரேஷனும்தான். ஆகவே காலைக்கென்று தனியாகச் செலவு செய்ய நினைப்பவர்கள் பின்சுவரில் கொட்ட வேண்டாம். மேலிருந்து இறங்கும் தோரணத்தில் செய்யலாம். மாவிலையோ தென்னங்குருத்தோ, நிற்பவர்கள் தலைக்கு மேலே முன்பக்கமாக ஒரு வரி ஓடினால், எத்தனை பேர் பின்னால் நின்றாலும் அது கல்யாணப் படம்தான்.

நாலுகால் மணவறை கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்கெட்சில் நேர் முன்னிருந்து பார்க்கும்போது முன்கால்கள் இரண்டும் ஓரமாக ஒதுங்கி அழகாக நிற்கும். ஆனால் மாங்கல்ய தாரணத்தை எடுக்கும் கேமராக்களில் ஒன்றாவது பக்கவாட்டில்தான் இருக்கும். முன்னால் ஓமகுண்டமும் புரோகிதரும் இருக்கிறார்களே. பக்கவாட்டுக் கேமராவுக்கும் மாப்பிள்ளை கைக்கும் நடுவே அந்த முன்கால் வந்து நிற்கும். ‘பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்’ என்று இரண்டாவது ஸ்கெட்ச் கேளுங்கள். த்ரீ-டியில் வரைந்திருந்தால் திருப்பிக் காட்ட அதிக நேரம் ஆகாது. முன்கால்களை விலக்கவோ எடுத்துவிட்டு மேல்கூரையைத் தொங்கவிடவோ அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

ஊதா என்னும் வியாதி

வெளிச்சத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் கல்யாண வீடியோக்காரர் தூக்கிப் பிடித்த ஹாலஜன் விளக்கு முகத்தை வறுத்தெடுத்தாலும் நிறத்தைக் கெடுத்ததில்லை. எல்லா நிறமும் அடங்கிய, மஞ்சள் சாயல் கொண்ட வெளிச்சம் அது; கணக்கில் 3200 கெல்வின். பிறகு எல்இடி வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே விளக்குக்குள் வைத்து, வேண்டிய நிறத்தைப் பொத்தானில் வரவழைக்கும் பார் லைட்டுகள் மண்டபம் மண்டபமாக நிறைந்தன. அன்றிலிருந்து நம் மேடைகளுக்கு ஊதா பிடித்துக்கொண்டது. ஊதா பேக்டிராப் இருட்டில் ஆழமாகத் தெரியும், செயற்கைப் பூவின் மட்டமான தரத்தை மறைக்கும், கம்ப்யூட்டர் திரையில் அபாரமாக இருக்கும். டெக்கரேட்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஊதா என்பது சிவப்பும் நீலமும் சேர்ந்தது. அதில் பச்சை கிடையாது. இலை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், அது பச்சை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான். பச்சையே இல்லாத வெளிச்சத்தில் அது எதைத் திருப்பி அனுப்பும்? இலை கருத்துப்போகிறது. மஞ்சள் சாமந்தி சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவதால் செங்கல் நிறத்துக்கு மாறும். செண்டுமல்லிக்கும் அதே நிலைமை. நீலம் தூக்கலாக இருந்தால் பழுப்பையும் தாண்டிக் கறுத்துவிடும். வெள்ளைப் பூ மட்டும் எந்த நிறத்தை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே தஞ்சாவூர் ஸ்கெட்ச் தனக்குள்ளேயே முரண்பட்டது. இலையும் சாமந்தியும் செண்டுமல்லியும் காசு கொடுத்து வாங்கி, அவற்றின் நிறத்தை ஊதாவால் அழிப்பது எதற்கு? ஸ்கெட்சில் இது தெரியாது. அங்கே வரைகிறவர் பூவை மஞ்சளாகவும் வெளிச்சத்தை ஊதாவாகவும் தனித்தனியே போட்டுவிட்டார். நிஜத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

இந்த இடத்தில் டெக்கரேட்டருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. கலர் வேண்டும் என்று பிள்ளைகள்தான் கேட்கிறார்கள் என்றார். கேட்கட்டும். கலர் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளைப் பூவும் வெளிர் துணியும் போடுங்கள். கலர் பூ வேண்டுமென்றால் வார்ம் வெள்ளை வெளிச்சம் போடுங்கள். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

பூவை விடவும் பெரிய ஆபத்து முகத்துக்கு. பேக்டிராப் மேல் அடிக்கும் ஊதா, அங்கேயே நின்றுவிட்டால் பாதகமில்லை. ஆனால் மணமக்கள் பேக்டிராப்பை ஒட்டி நின்றால் அது அவர்கள் காது, கழுத்து, தலைமுடி ஓரங்களில் வழியும். பெரியப்பாக்களின் வழுக்கையில் இன்னும் நன்றாகத் தெரியும். முன்பக்கம் மஞ்சள், ஓரத்தில் ஊதா. போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் சரிசெய்வார் என்று நினைக்க வேண்டாம். படம் முழுவதும் ஒரே நிறச் சாயல் என்றால் ஒரு நகர்த்தலில் சரியாகிவிடும். கன்னம் ஒரு நிறம், காது ஒரு நிறம் என்றால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும்.

அந்த ஐந்தடி இடைவெளியை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். அது இருந்தால் பேக்டிராப் வெளிச்சம் ஆள்மேல் வழியாது; ஆள் நிழல் பேக்டிராப்பில் தலைக்குப் பக்கத்திலேயே விழாது; பேக்டிராப் சற்றே மங்கி, மணமக்கள் துல்லியமாகத் தெரிவார்கள். சோபாவைச் சுவரோடு சாத்தி வைத்தால் மூன்றும் போச்சு. பேக்டிராப்பிலிருந்து ஐந்தடியில் தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மணமக்கள் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும்.

முகத்துக்கு விழும் வெளிச்சம் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மேடை விளிம்பின் இரு பக்கமும், மணமக்களுக்கு 45 டிகிரி சாய்வில், முகத்தைவிட ஐந்தாறடி உயரத்தில் வார்ம் வெள்ளை ஃபோகஸ் விளக்கு இருந்தால் கண்குழியில் நிழல் விழாது. நேர் மேலே டிரஸ்ஸில் மாட்டிய விளக்கை மட்டும் நம்பினால், புருவத்துக்குக் கீழே கறுப்பு வளையம்தான் மிஞ்சும். மண்டபத்தின் டியூப் லைட் மேடைக்கு நேர் மேலே எரிந்தால் அதை அணைக்கச் சொல்ல வேண்டும். அதன் குளிர்ந்த வெள்ளை, நம் மாநிறத்தைச் சாம்பல் பூசிய மாதிரி காட்டும். வெள்ளை விளக்கு வாங்குமிடத்தில் ‘சிஆர்ஐ 90-க்கு மேலா?’ என்று கேளுங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் அது. நூறு என்றால் முழு மதிப்பெண். சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து பார் லைட்டில் வரவழைக்கும் வெள்ளை, பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் அரக்குப் பட்டையும் மஞ்சள் பூசிய முகத்தையும் உள்ளபடி காட்டாது. வெள்ளைக்கென்று தனி சிப் உள்ள விளக்குதான் முகத்துக்கு.

காலையில் இன்னொரு சிக்கல் ஜன்னல் வழியே வரும். அந்தத் தஞ்சாவூர் மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் வரிசையாக ஜன்னல். பகல் வெளிச்சம் 5600 கெல்வினை ஒட்டியது; மேடை விளக்கு 3200. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் இடக்கன்னம் நீலம், வலக்கன்னம் ஆரஞ்சு. ஜன்னலுக்குத் தடித்த திரை போடலாம். அல்லது காலைக்கு மட்டும் முன்விளக்கைப் பகல் வெள்ளைக்கு மாற்றலாம். திரை போடுவதாக முடிவானது. ஸ்கெட்சில் ஜன்னல் இருந்ததா என்று கேட்காதீர்கள். ஸ்கெட்சில் மண்டபமே இல்லை.

பளபளப்பும் திரையும்

கண்ணாடித் துண்டு, ஜிகினாச் சுவர், சாட்டின் துணி மூன்றும் ஸ்கெட்சில் மின்னும். படத்தில் ஃபிளாஷ் அடித்ததும் அவை கேமராவைத் திருப்பி அடிக்கும். வேண்டுமென்றால் ஓரத்தில், கொஞ்சம் சாய்த்து வையுங்கள். மணமக்கள் முதுகுக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம்.

எல்இடி திரையையே பேக்டிராப்பாக வைப்பவர்கள் கூடிவருகிறார்கள். அதில் இரண்டு தொல்லை. கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் திரையின் புள்ளி வரிசையும் மோதினால் படத்தில் அலை அலையாகக் கோடு ஓடும். திரை துல்லியமாக ஃபோகஸில் இருக்கும்போது இது அதிகம். மணமக்களைத் திரையிலிருந்து நன்றாக முன்னால் நிறுத்தினால் குறையும். இன்னொன்று, திரையின் பிரகாசம். முழு அளவில் எரியவிட்டால் அதன் முன்னால் நிற்பவர்கள் நிழலுருவம் ஆகிவிடுவார்கள். முகத்தைவிடத் திரை மங்கலாகத் தெரியும்வரை குறைக்கச் சொல்லுங்கள். ஆபரேட்டர் முணுமுணுப்பார். பரவாயில்லை.

கடைசியில் கைக்கு வந்தது

புது ஸ்கெட்ச் இரண்டு நாளில் வந்தது. குரூப்பில் முதலாவதற்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை. ‘பழசு கிராண்டா இருந்துச்சே’ என்று ஒரு அத்தை எழுதினார். அவர் சொன்னது சரிதான். ஆளில்லாத மேடையாகப் பார்த்தால் பழையதுதான் பிரமாண்டம். புதியதில் இரண்டு பேர் நிற்கிறார்கள், பச்சையிலும் கருநீலத்திலும். அவர்களைச் சுற்றி ஒரு செவ்வகக் கட்டம், கேமரா பார்க்கும் அளவில். விளக்கு ஒவ்வொன்றும் எங்கே, என்ன நிறம், எதை நோக்கி என்று அம்புக்குறி. ஊதா இல்லை; தூணின் அடியில் மட்டும் லேசான ரோஜா நிறம், அதுவும் வெள்ளைத் துணிமேல்.

வரவேற்பு அன்று மாலை நான்கு மணிக்கே, பெண்ணின் தம்பியையும் சித்தி மகளையும் லெஹங்கா துப்பட்டா, கோட்டுடன் டேப் ஒட்டிய இடத்தில் நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள். வலப்பக்க விளக்கு சற்றுத் தாழ்ந்திருந்தது, நிழல் காட்டியது. ஏணி இன்னும் மேடையிலேயே இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆறரைக்கு விருந்தினர் வந்த பிறகு ஏணி போட யாராலும் முடியாது.

கடைசியாக ஒன்று. ராத்திரி முழுக்க முழித்து மேடை கட்டுகிற ஆட்கள், பகலில் நீங்களும் டெக்கரேட்டரும் பேசியதைக் கேட்டவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஸ்கெட்ச் மட்டும். வளையத்தின் மையம் ஐந்தரை அடி, பெயர் எட்டிலிருந்து ஒன்பது, மணமக்கள் நிற்கும் கோடு பேக்டிராப்பிலிருந்து ஐந்தடி என்று ஸ்கெட்சின் மேலேயே எண்ணால் எழுதி வாங்குங்கள். அளவு எழுதாத ஸ்கெட்சுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.